குழந்தைகள் கட், டீன் ஏஜ் கட், ஃபேமிலி பேக்கேஜ்: போர்டில் என்ன விலை எழுதுவது?

மூணு சீட் நங்கநல்லூர் (ஞாயிறு, இரவு 10.50)

வணக்கம். நங்கநல்லூரில் நாலு வருஷமாக மூன்று நாற்காலி ஃபேமிலி சலூன் நடத்துகிறேன். ஆண்களுக்கு முடி வெட்ட இரண்டு பேர், பெண்களுக்கு ஒரு பியூட்டிஷியன். நான் கல்லாவில் இருப்பேன், கூட்டம் வந்தால் கத்தரியும் பிடிப்பேன்.

இப்போது போர்டில் இருப்பது: ஆண்கள் கட் 200. பெண்கள் கட், வாஷோடு 450. பதினைந்து வயது வரை யாராக இருந்தாலும் 120. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வந்தால் ஃபேமிலி பேக்கேஜ் 799, எல்லா நாளும் உண்டு. தனித்தனியாகக் கூட்டினால் 890 வரும், அதில் 91 ரூபாய் விட்டுக்கொடுக்கிறேன்.

ஸ்கூல் திறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லை. சராசரியாக ஐந்து குடும்பம் வருகிறது. ஆனால் ராத்திரி கல்லாவை எண்ணினால் பேக்கேஜ் போடுவதற்கு முன்பு வந்ததைவிடக் குறைவு. இன்று என் பழைய கஸ்டமர் இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றேன் தம்பி" என்று எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். கடை நிறைய ஆள், கல்லாவில் காசு இல்லை. விலை தப்பா, பேக்கேஜே தப்பா? மெனுவை மாற்றலாம் என்றிருக்கிறேன், உங்கள் போர்டில் என்ன இருக்கிறது சொல்லுங்கள்.

டீல் மன்னன் (ஞாயிறு, இரவு 11.20)

பாஸ், விலையைத் தொடாதீர்கள். குழந்தை கட் என்பது தூண்டில். குழந்தையைக் கூட்டிவரும் அம்மா அடுத்த மாதம் ஃபேஷியலுக்கு வருவார், அங்கேதான் லாபம். 799-ஐ 699 ஆக்குங்கள், ஐந்து குடும்பம் பத்தாகும். அதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி என்று போட்டுவிடுங்கள், மார்ஜின் கிடைக்கும்.

கோடம்பாக்கம் அக்கா (திங்கள், காலை 7.10)

நான் பத்தொன்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். தம்பி, போர்டு விலையை ஒப்பிட்டு ஒன்றும் தெரியாது. இரண்டு விஷயம் சொல்லுங்கள். மாதச் செலவு எவ்வளவு? ஒவ்வொரு வேலைக்கும் நாற்காலியில் எத்தனை நிமிடம் போகிறது? நினைப்பதைச் சொல்லாதீர்கள். ஒரு நாள் கடிகாரம் பார்த்து, ஆள் உட்கார்ந்ததிலிருந்து கீழே கிடக்கும் முடியைக் கூட்டி, துண்டு மாற்றி, அடுத்தவர் உட்காரும் வரைக்கும் எழுதுங்கள்.

டீல் மன்னன் தம்பி, அம்மா திரும்பி வருவார் என்பது சில கடைகளில் உண்மை. இவர் கடையில் வந்தாரா என்று இவர் நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்துக் குடும்பம் வந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கு வந்த பிறகு பேசுவோம்.

அம்பத்தூர் அம்மா (திங்கள், காலை 9.30)

நான் கடை நடத்துபவள் இல்லை, இங்கே கேட்கலாமா தெரியவில்லை. டீன் ஏஜ் என்று பார்த்ததும் வந்தேன். என் பெண்ணுக்கு 14 வயது, சுருட்டை முடி. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் செய்துவிட்டார்கள் என்று பர்மனென்ட் ஸ்ட்ரெயிட்னிங் கேட்டு உயிரை எடுக்கிறாள். ஒரு கடையில் "டீன் ஆஃபர்" என்று 2,999 போட்டிருக்கிறார்கள். அந்த விலை சரியா?

பெரம்பூர் பலகை (திங்கள், மதியம் 1.15)

எங்கள் அப்பா காலத்திலிருந்து கத்தரிதான். நாற்காலிக் கைப்பிடி இரண்டுக்கும் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் பிள்ளையை உட்கார வைப்போம். பலகை போட்டாலே நேரம் இரட்டிப்பு என்று அப்பா சொல்வார். ஆனாலும் விலை பாதிதான் வாங்குவார். கேட்டால், "இவன் வளர்ந்து நம்மகிட்டதாண்டா வருவான்" என்பார். வந்தார்கள். அது அந்தக் காலம். இப்போது பாதிப் பேர் பத்தாவது முடிப்பதற்குள் வீடு மாறிவிடுகிறார்கள்.

மூணு சீட் நங்கநல்லூர் (வியாழன், இரவு 11.05)

அக்கா சொன்னபடி இரண்டு நாள் எழுதினேன். (செவ்வாய் கடை லீவு.)

செலவு மாதத்துக்கு: வாடகை 40,000, மூன்று பேர் சம்பளம் 68,000, கரண்ட் 13,000. ஷாம்பூ, பிளேடு, துண்டு துவைப்பது, தண்ணீர் கேன், மெஷின் ஆயில் எல்லாம் சேர்த்து 14,000. மொத்தம் 1,35,000. என் சம்பளம் இதில் இல்லை.

நேரம்: ஆண்கள் கட் 25 நிமிடம். பெண்கள் கட், வாஷோடு 55. நாலு வயதுப் பையன் 40 (நான் 15 என்று நினைத்திருந்தேன்). எட்டு வயதுப் பையன் 20. இடுப்பு வரை முடி உள்ள பதின்மூன்று வயதுப் பெண் 50. ஃபேட் கேட்டு வந்த பதினாலு வயதுப் பையன் 40. அவனுக்கும் 120 தான் வாங்கினேன்.

அப்புறம் நோட்டைப் பார்த்தேன். மூன்று மாதத்தில் பேக்கேஜுக்கு வந்த குடும்பம் 31. அதில் வேறு வேலைக்கு மறுபடி வந்த அம்மாக்கள் 9 பேர்.

கோடம்பாக்கம் அக்கா (வெள்ளி, காலை 6.50)

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். இனி கணக்கு.

முதலில் உங்கள் சம்பளத்தைச் சேருங்கள். 30,000 வைத்தால் மாதம் 1,65,000. மூன்று நாற்காலி, நாளுக்குப் பத்து மணி நேரம், செவ்வாய் போக 26 நாள் என்றால் 46,800 நிமிடம். ஆனால் எந்தக் கடையிலும் நாற்காலி முழு நேரம் நிறைவதில்லை, பாதிதான் ஆள் உட்காரும். அதாவது 23,400 நிமிடம். 1,65,000-ஐ அதால் வகுத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏழு ரூபாய் ஆகிறது. உங்கள் நாற்காலியின் நிமிட வாடகை ஏழு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரே ஒரு குடும்பத்தை எடுப்போம். அப்பா 25, அம்மா 55, பெண் 50, நாலு வயதுப் பையன் 40. மொத்தம் 170 நிமிடம். ஏழால் பெருக்கினால் 1,190. நீங்கள் வாங்குவது 799. 91 ரூபாய் விட்டுக்கொடுத்ததாக நினைக்கிறீர்கள், போவது 391. அதில் பெரிய ஓட்டை அம்மாவிடமோ அப்பாவிடமோ இல்லை. பெண்ணுக்கு 350 ஆக வேண்டிய இடத்தில் 120, பையனுக்கு 280 ஆக வேண்டிய இடத்தில் 120. "பதினைந்து வயது வரை" என்று எழுதியதுதான் வினை. வயதை வைத்து விலை போட்டீர்கள், உங்கள் நாற்காலிக்கு வயது தெரியாது.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. புதன்கிழமை மதியம் இதே குடும்பம் வந்தால் இதே 799 உங்களுக்கு லாபம். அந்த நேரத்தில் நாற்காலி எப்படியும் சும்மாதான் இருந்திருக்கும். வாடகையும் சம்பளமும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் போகும். ஷாம்பூ, துண்டு, பிளேடு என்று கையை விட்டுப் போவது நாலு பேருக்கும் நூறு ரூபாயைத் தாண்டாது. ஞாயிற்றுக்கிழமை அப்படியில்லை. அந்த 170 நிமிடத்தில் ஆறு ஆண்கள் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள், 1,200 ரூபாய். எட்டிப் பார்த்துவிட்டுப் போன உங்கள் பழைய கஸ்டமர்கள் அதில் இரண்டு பேர்.

டீல் மன்னன் (வெள்ளி, காலை 10.00)

அக்கா, 31-ல் 9 பேர் திரும்பி வந்திருக்கிறார்களே, அது நல்ல கணக்குதானே? நான் சொன்னது சரிதான்.

கோடம்பாக்கம் அக்கா (வெள்ளி, காலை 10.25)

சரிதான் தம்பி, அதனால்தான் பேக்கேஜை எடுக்கச் சொல்லவில்லை. கிழமையை மாற்றச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை (வெள்ளி, மதியம் 12.40)

ஜிஎஸ்டி பற்றி ஒரு திருத்தம். சலூன் சேவைக்கு 18 சதவீதம் என்பது பழைய கதை. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பதிலுக்கு, நீங்கள் வாங்கும் ஷாம்பூவுக்கும் மெஷினுக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் பதிவே செய்ய வேண்டாம். பதிவு செய்யாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. "மார்ஜின் கிடைக்கும்" என்று எழுதியவர் இதைக் கவனிக்க வேண்டும்.

நங்கநல்லூர் நண்பரே, உங்கள் மாத வரவு எவ்வளவு? இருபது லட்சத்தை ஒட்டி இருந்தால் இப்போதே பாருங்கள். முடி வெட்டும் காசு மட்டுமில்லை, கடையில் விற்கும் எண்ணெய், ஷாம்பூ எல்லாம் அந்த வரவில் சேரும். பதிவு வந்த பிறகு போர்டில் 850 என்று வரி சேர்த்து எழுதினால் அதில் சுமார் 40 ரூபாய் அரசுக்கு. விலை வைக்கும்போதே அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதத்தில் போர்டை மறுபடி அழிக்க வேண்டியிருக்காது.

மூணு சீட் நங்கநல்லூர் (வெள்ளி, இரவு 11.30)

மாதம் 1,60,000 சுமாராக வருகிறது. வருஷத்துக்கு 19 லட்சத்துச் சொச்சம். விளிம்பில்தான் நிற்கிறேன். ஆடிட்டரைப் பார்க்கிறேன், நன்றி.

அக்கா, ஒரு கேள்வி. நாலு வயதுப் பையனுக்கு 280 என்று போர்டில் எப்படி எழுதுவது? பெரியவருக்கே 200 தான். இந்த வாண்டுக்கு 280-ஆ என்று பாட்டிகள் என்னைக் கிழித்துவிடுவார்கள்.

பெரம்பூர் பலகை (சனி, காலை 8.00)

280 எழுதாதே தம்பி. 40 நிமிடத்தைக் குறை. எப்படி என்று சொல்கிறேன்.

பிள்ளை உட்கார்ந்ததும் மெஷினை எடுக்காதே. அந்தச் சத்தமும் காதோரம் அது அதிர்வதும்தான் அழ வைக்கிறது. முதலில் கத்தரி, அதுவும் பின்பக்கம். அவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். மெஷின் போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் ஆன் செய்யாமல் அவன் கையில் கொடு. அப்புறம் ஆன் செய்து உன் கையில் வைத்துக் காட்டு. கடைசியில் பிடரி. காதோரம் எல்லாவற்றுக்கும் கடைசி.

இந்தக் காலத்துப் பெற்றோர் கையில் போனைக் கொடுத்துவிடுகிறார்கள். போன் மடியில் இருந்தால் தலை குனியும். குனிந்த தலையில் முன்முடி வெட்டினால் நிமிர்ந்ததும் கோணல் தெரியும். அதைச் சரிசெய்ய இன்னும் பத்து நிமிடம். நான் கண்ணாடியில் அவன் கண் மட்டத்துக்கு ஒரு போன் ஸ்டாண்டு ஒட்டியிருக்கிறேன், அறுபது ரூபாய்தான். தலை தானாக நிமிர்ந்து நிற்கும்.

போர்வை போட்டாலே கதறும் பிள்ளை உண்டு. அப்பா நாற்காலியில் உட்காரட்டும், பிள்ளை அவர் மடியில், அப்பாவுக்கு ஒரு போர்வை, பிள்ளைக்கு அப்பாவின் சட்டையையே திருப்பிப் போட்டுவிடு. மதியம் ஒரு மணிக்கு மேல் வரச் சொல்லாதே, தூக்க நேரம். இவ்வளவும் செய்தால் 25, 30 நிமிடத்தில் முடியும். முடியாத நாளும் உண்டு. அன்று பாதி வெட்டிய தலையோடு அனுப்பி, மறுநாள் இலவசமாக முடித்துக்கொடுத்திருக்கிறேன். அழ அழப் பிடித்து வெட்டினால் கத்தரி காதில் படும், அந்தக் குடும்பம் அதோடு சரி.

கோடம்பாக்கம் அக்கா (சனி, காலை 9.15)

அண்ணன் சொல்வதற்கு மேல் நான் என்ன சொல்ல. முப்பது நிமிடம் ஆனால் 210, அதாவது பெரியவர் விலைதான். போர்டில் "ஐந்து வயது வரை 200, புதன் வியாழன் 150" என்று எழுதுங்கள். பாட்டி சண்டைக்கு வந்தால் புதன்கிழமை வரச் சொல்லுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பையன்கள் 20 நிமிடத்தில் முடிந்துவிடுவார்கள், 150 எல்லா நாளும். பதின்மூன்றுக்கு மேல் வயதை மறந்துவிட்டு வேலையை எழுதுங்கள். ஸ்கூல் கட் 150, ஃபேட் 280. ஃபேட் வெட்டிக்கொண்டு போய், திங்கட்கிழமை பி.டி. சார் திருப்பி அனுப்பி, அதே பையன் சாயங்காலம் வந்து நிற்பது எனக்கு வாரத்துக்கு ஒன்று. அதனால் நான் வெட்டும் முன்னே "ஸ்கூலில் விடுவார்களா?" என்று கேட்டுவிடுவேன். திரும்பி வந்தால் 50 ரூபாய், இலவசமில்லை.

பெண் பிள்ளைகளுக்கு நீளம்தான் கணக்கு. ட்ரை ட்ரிம், அதாவது வாஷ் இல்லாமல் நுனி மட்டும், 180. லேயர் கட் வாஷோடு தோள் வரை 350, அதற்குக் கீழே 420.

சாந்தோம் வாசகி (சனி, காலை 11.40)

பையனுக்கு 150, பெண்ணுக்கு 350 என்றால் பெண்ணாகப் பிறந்ததற்கு அபராதமா? என் பெண் பாப் கட்தான் வைத்திருக்கிறாள், பையன்களைவிடச் சின்ன முடி. அவளிடமும் எல்லாக் கடையிலும் பெண்கள் விலையே கேட்கிறார்கள்.

கோடம்பாக்கம் அக்கா (சனி, மதியம் 12.05)

உங்கள் பெண் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். போர்டில் பையன், பெண் என்றே எழுதாமல் "காதுக்கு மேல், தோள் வரை, தோளுக்குக் கீழ்" என்று எழுதினால் தீரும். ஆனால் பாப் கட்டில் ஓரம் நேராக வர வேண்டும், மெஷினில் ஓட்ட முடியாது, என் கையில் 30 நிமிடம் ஆகிறது. அதனால் 150-க்கு நான் செய்ய மாட்டேன்.

சாந்தோம் வாசகி (சனி, மதியம் 12.20)

அப்போது பையனின் ஃபேட்டும் அதே விலையில்தான் இருக்க வேண்டும். சரி, 280 போட்டிருக்கிறீர்கள், வாபஸ். ஆனால் போர்டில் இன்னும் யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

அம்பத்தூர் அம்மா (சனி, மாலை 4.10)

என் கேள்வியை யாருமே பார்க்கவில்லையா?

கோடம்பாக்கம் அக்கா (சனி, மாலை 5.00)

மன்னித்துவிடுங்கம்மா, பார்த்தேன், வேலையில் விட்டுப்போனது. 2,999 சரியா என்று கேட்டீர்கள். எனக்கு எந்த விலைக்கும் சரியில்லை, 16 வயதுக்குக் கீழ் நான் ஸ்ட்ரெயிட்னிங்கும் செய்வதில்லை, பர்மனென்ட் கலரும் போடுவதில்லை. கெரட்டின், ஸ்மூத்னிங் என்று பல பெயரில் வரும் மருந்துகளில் சிலது அயர்ன் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடைப் புகையாக விடும். கண் எரிவது அதனால்தான். என் பியூட்டிஷியன் ஒருத்தி ஜன்னல் இல்லாத கடையில் அதைச் செய்து செய்து மூச்சுத் திணறி வேலையையே விட்டாள்.

கலரும் அப்படித்தான். ஐரோப்பாவில் ஹேர் டை டப்பாவிலேயே 16 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று அச்சடித்திருப்பார்கள். நம் ஊர் டப்பாவிலும் முதலில் தோலில் போட்டுச் சோதிக்கச் சொல்லி எச்சரிக்கை இருக்கும், யாரும் படிப்பதில்லை. காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் கருப்பு மருதாணி போட்டுக் கை கொப்பளித்த பெண் என்றால் பெரியவளானாலும் தொடாதீர்கள். அதில் கலக்கும் அதே சாயப்பொருள்தான் டையிலும் இருக்கிறது, இரண்டாவது தடவை முகமே வீங்கலாம்.

உங்கள் பெண்ணுக்கு ஒரு விசேஷத்துக்கு நேராகத் தெரிந்தால் போதும் என்றால் வாஷ் செய்து ப்ளோ ட்ரை போடுங்கள், அடுத்த தலைக்குளியல் வரை நிற்கும். என் கடையில் 300. நங்கநல்லூர் தம்பி, டீன் மெனுவில் நீங்களும் இதைப் போடலாம். பியூட்டிஷியன் கையில் 35 நிமிடம், கட்டுப்படியாகும்.

டீல் மன்னன் (சனி, மாலை 6.30)

நாம் செய்யாவிட்டால் அடுத்த கடையில் செய்துகொள்வார்கள். அம்மா கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்யலாமே?

கோடம்பாக்கம் அக்கா (சனி, மாலை 6.45)

கையெழுத்து வாங்கினால் அலர்ஜி வராதா?

வேளச்சேரி அப்பா (ஞாயிறு, காலை 7.30)

என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். சத்தம், கூட்டம், தண்ணீர்ஸ்ப்ரே எதுவும் ஆகாது. முடி வெட்டுவது எங்கள் வீட்டில் ஒரு போர். ஒரு கடையில் "இதற்கு டபுள் சார்ஜ்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். பணம் பெரிதில்லை, சொன்ன விதம். நீங்கள் மெனு போடும்போது எங்களைப் போன்றவர்களுக்கு எங்கே இடம்?

பெரம்பூர் பலகை (ஞாயிறு, காலை 9.00)

சார், புதன் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக வாருங்கள். டிவி போட மாட்டோம், ப்ளோயர் போட மாட்டோம். முதல் தடவை வெட்டவே வேண்டாம், வந்து நாற்காலியில் உட்கார்ந்து போகட்டும். எனக்கு அப்படி இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். நான் அதே விலைதான் வாங்குகிறேன்.

மூணு சீட் நங்கநல்லூர் (ஞாயிறு, மதியம் 2.40)

அண்ணே, செய்ய ஆசைதான். எனக்கு ஏழு ரூபாய்க் கணக்கில் அது ஒரு மணி நேரம், 420 ரூபாய். புதன் காலை நாற்காலி சும்மா இருக்கும் வரை சரி. நாளைக்குப் புதனும் நிறைந்தால் என்ன செய்வது என்று யோசிக்கிறேன்.

வேளச்சேரி அப்பா (ஞாயிறு, மதியம் 3.15)

ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை என்று போர்டிலேயே எழுதுங்கள், யாராக இருந்தாலும். "அமைதி நேரம், ஒரு மணி, 400" என்று. நான் சந்தோஷமாகக் கொடுப்பேன். பலகை அண்ணன் மாதிரி அதே விலையில் செய்பவர் இருந்தால் இன்னும் சந்தோஷம், ஆனால் எல்லாரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

பெரம்பூர் பலகை (ஞாயிறு, மதியம் 3.40)

எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை சார். உங்கள் இஷ்டம்.

கோடம்பாக்கம் அக்கா (ஞாயிறு, இரவு 9.20)

தம்பி, உங்கள் பேக்கேஜில் ஒன்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. மூன்று நாற்காலி என்று கணக்குப் போட்டோம். ஆனால் பெண்கள் வேலைக்குக் கை ஒன்றுதான். ஒரு குடும்பம் வந்தால் பெண் 50, அம்மா 55, இரண்டும் உங்கள் பியூட்டிஷியன் தலையில். 105 நிமிடம். ஐந்து குடும்பம் என்றால் 525 நிமிடம், எட்டே முக்கால் மணி நேரம்! அவர் சாப்பிட்டாரா என்று முதலில் கேளுங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை த்ரெடிங்குக்கு வந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள்.

மூணு சீட் நங்கநல்லூர் (திங்கள், இரவு 10.15)

கேட்டேன் அக்கா. மூன்று மணிக்கு நின்றபடியே இரண்டு இட்லி சாப்பிட்டதாகச் சொன்னார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேராவது த்ரெடிங்குக்கு வருவார்கள், ஐந்து நிமிட வேலை, 50 ரூபாய். நிமிடத்துக்குப் பத்து ரூபாய். கடையிலேயே அதிக லாபமான வேலை அதுதான் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. போன ஞாயிறு வந்தது மூன்று பேர்.

அப்படியானால் பேக்கேஜைப் புதன், வியாழனுக்கு மாற்ற வேண்டும். ஆனால் இங்கே முக்கால்வாசி அப்பாக்கள் வேலையிலிருந்து வீடு வர எட்டு மணி ஆகிறது. அப்பா இல்லாமல் என்ன ஃபேமிலி பேக்கேஜ்?

கோடம்பாக்கம் அக்கா (செவ்வாய், காலை 7.00)

அப்பாவைக் கழற்றிவிடுங்கள்! உங்கள் குடும்பக் கணக்கில் அவரால் நஷ்டமில்லை. 25 நிமிடம், 200 ரூபாய். அவர் ஞாயிற்றுக்கிழமை தனியாக வரட்டும், முழு விலை கொடுக்கட்டும். "அம்மாவும் பிள்ளைகளும்" என்று போடுங்கள். ஸ்கூல் விட்டு நாலரைக்கு வருவார்கள். அம்மா 450, பெண் வாஷோடு 350, வாண்டு 150, மொத்தம் 950. அதை 850-க்குக் கொடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு குடும்பம்தான், முன்கூட்டியே சொல்லி வர வேண்டும். பெண்ணும் பையனும் ஒரே நேரத்தில் உட்காரட்டும், அம்மா பையன் பக்கத்தில் நிற்கட்டும். பெண் முடித்ததும் அதே நாற்காலியில் அம்மா. அதற்குள் பையன் முடிந்துவிடுவான், அக்கா பார்த்துக்கொள்வாள். முதல் குடும்பம் ஏழு மணிக்குள் வெளியே போய்விடும்.

இன்னொன்று. நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன் பிள்ளைகள் தலையைக் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பிரித்துப் பாருங்கள். பேன் இருந்தால் அன்றைக்கு வேண்டாம், அம்மாவிடம் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லுங்கள். பேக்கேஜ் காசு அப்படியே இருக்கும், இரண்டு வாரம் கழித்து வரலாம் என்று சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை.

பெரம்பூர் பலகை (செவ்வாய், காலை 8.10)

கார்த்திகை பிறந்தால் அப்பாக்கள் பாதிப் பேர் மாலை போட்டுவிடுவார்கள், முடியும் வெட்ட மாட்டார்கள், ஷேவிங்கும் கிடையாது. அப்போது அப்பா இல்லாத பேக்கேஜ்தான் கடையைக் காப்பாற்றும். தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் பேக்கேஜ் கிடையாது என்று இப்போதே சின்னதாக எழுதிவிடு. அன்றைக்குப் போய் எழுதினால் சண்டை வரும்.

மூணு சீட் நங்கநல்லூர் (ஆறு வாரம் கழித்து, வியாழன், இரவு 11.10)

எல்லாருக்கும் நன்றி, என்ன ஆயிற்று என்று சொல்ல வந்தேன்.

799-ஐ எடுத்துவிட்டேன். முதல் இரண்டு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கோபப்பட்டார்கள், மூன்று குடும்பம் திரும்பி வரவே இல்லை. "அம்மாவும் பிள்ளைகளும்" புதன், வியாழனில் வாரத்துக்கு மூன்று வருகிறது, நாலு என்று நினைத்தேன், அந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஞாயிறு த்ரெடிங் மறுபடி பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தார், இன்னொருவர் எதிர்க்கடையிலேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கல்லா பழைய நிலைக்கு மேலேயே இருக்கிறது. பியூட்டிஷியனுக்கு ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு நேரம் என்று போர்டில் எழுதிவிட்டேன்.

போன் ஸ்டாண்டு ஒட்டினேன். வாண்டுகள் 30 நிமிடத்துக்கு வந்துவிட்டார்கள். அமைதி நேரத்தைப் புதன் காலையில் வைத்திருக்கிறேன், இப்போதைக்குச் சாதாரண விலையில். வேளச்சேரி சார் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை வெட்டவில்லை. இரண்டாம் தடவை பின்பக்கம் மட்டும்.

ஒரு புதுத் தொல்லை. "பன்னிரண்டு வயது வரை 150" என்று எழுதியதும் நங்கநல்லூரில் யாருக்கும் பதின்மூன்று வயதே ஆவதில்லை. மீசை அரும்பிய பையனைக் காட்டி, "போன மாசம்தான் பன்னெண்டு முடிஞ்சுது சார், ஃபேட் போட்டு விடுங்க" என்கிறார் ஒரு அப்பா.

பெரம்பூர் பலகை (வெள்ளி, காலை 6.30)

பன்னிரண்டை அழித்துவிடு. "ஃபேட் 280" மட்டும் இருக்கட்டும். ஆறு வயசுப் பையன் கேட்டாலும் 280.

மூணு சீட் நங்கநல்லூர் (வெள்ளி, காலை 6.55)

ஆறு வயதில் கேட்பானா அண்ணே?

பெரம்பூர் பலகை (வெள்ளி, காலை 7.05)

நேற்றே ஒருத்தன் கேட்டான். பலகை மேல் உட்கார்ந்துகொண்டு.